முகத்துவாரத்துக் கடல்மானியும் 75 நிமிட ஊசலும்

கொழும்புத் துறைமுகத்துக்கு வடக்கே, களனி கங்கை கடலோடு கலக்கும் பக்கமாக, முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. படகுகள், வலைகள், ஐஸ் பெட்டிகள் ஆகியவற்றுக்கு நடுவே அங்கே ஒரு கடல்மட்ட மானியும் உண்டு. உலகக் கடல்மட்டக் கண்காணிப்பு வலையமைப்பில் ‘கொழும்பு’ என்று குறிக்கப்படுவது இந்த நிலையந்தான். அதைக் கவனிப்பது ‘நாரா’ என்று நாம் சுருக்கிச் சொல்லும் நீர்வள ஆராய்ச்சி நிறுவனம். அதன் அலுவலகமும் தொலைவில் இல்லை, காக்கைதீவில்தான்.

கரையில் வந்து மோதும் அலைகளை இந்த மானி பொருட்படுத்துவதில்லை. பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒரு முறை எழுந்து விழும் அலைகளைச் சராசரியாக்கி நீக்கிவிட்டு, கடலின் மட்டம் மெல்ல ஏறி இறங்குவதை மட்டும் அது பதிகிறது. சாதாரண நாளில் அந்தக் கோடு வற்றையும் பெருக்கையும் காட்டும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூடத் தொடாது.

2004 டிசம்பர் 26 காலை, அப்போதைய இலங்கை நேரப்படி 6.59 அளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. சுனாமி இலங்கையின் கிழக்குக் கரையில் மோதி, தீவின் தென்முனையைச் சுற்றி வளைந்து, காலை பத்து மணிக்குச் சற்று முன் கொழும்பை எட்டியது. அன்று கொழும்பில் பதிவான மிகப் பெரிய அலையின் உயரம், முகட்டிலிருந்து அகடு வரை, 3.87 மீற்றர். அந்தப் பெரிய அலை முதலில் வந்தது அல்ல. முதல் அலை வந்து இரண்டு மூன்று மணி நேரம் போன பிறகே அது வந்தது. அதற்குப் பிறகும் கடல் ஓயவில்லை. ஏறி இறங்கிக்கொண்டே இருந்த அந்த மட்டத்தில் ஒரு காலம் தனித்துத் தெரிந்தது: 75 நிமிடம்.

சரித பட்டியாராச்சியும் விஜேரத்னவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 2004 முதல் 2007 வரை இந்து சமுத்திரத்தில் எழுந்த சுனாமிகளின் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நிலநடுக்கங்கள் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு அளவில் நடந்தவை. ஆனாலும் ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு முறையும் தன் பாணியிலேயே ஆடியது. கொழும்புக்கு 75 நிமிடம். அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஜெரால்ட்டனுக்கு நான்கு மணி நேரம், ஃபிரீமாண்டிலுக்கு 2.7 மணி நேரம். அப்படியென்றால் 75 நிமிடம் சுமாத்திராவிலிருந்து வந்த சரக்கு அல்ல. அது கொழும்புக்கு முன்னால் உள்ள கடலின் சொந்தச் சொத்து.

அந்தச் சொத்து எங்கே இருக்கிறது? கரையிலிருந்து மேற்கே போனால் கடலடி சில பத்துக் கிலோமீற்றர் வரை ஆழமில்லாத ஒரு மேடையாக நீண்டு, பிறகு சட்டென்று ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த மேடைதான் கண்டமேடை. அதன் மேலுள்ள நீர், ஒரு முனை மூடி மறுமுனை திறந்த குழாயில் இருக்கும் காற்றைப் போல நடந்துகொள்கிறது. உயர்தரத்தில் பரிவுக் குழாய்ப் பரிசோதனை செய்தவர்களுக்கு அது நினைவிருக்கும். கரை மூடிய முனை. ஆழ்கடல் திறந்த முனை. கரையில் மட்டம் அதிகமாக ஏறி இறங்கும். மேடையின் விளிம்பில் மட்டம் அசையாமல் நீர் மட்டும் உள்ளும் புறமும் ஓடும். குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. ஆகவே ஒரு முழு ஆட்டத்துக்கு வேண்டிய காலம், மேடையின் அகலத்தை அலை நான்கு முறை கடக்க எடுக்கும் நேரம்.

கணக்குக்காக மேடையின் அகலம் 25 கிலோமீற்றர், சராசரி ஆழம் 50 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட அலை ஒன்றின் வேகம், ஈர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. 9.8ஐ 50ஆல் பெருக்கினால் 490. வர்க்கமூலம் வினாடிக்கு சுமார் 22 மீற்றர். நூறு கிலோமீற்றரை அந்த வேகத்தில் கடக்க 4,500 வினாடிக்குச் சற்றுக் கூடுதல், அதாவது 75 நிமிடம். உண்மையான மேடை இப்படித் தட்டையான பலகை இல்லை; எண்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக உருட்டித் தேர்ந்தவையே இவை. ஆனால் அளவு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை இது சரியாகக் காட்டுகிறது.

ஆட்டத்துக்கு ஒரு காலம் இருந்தால் மட்டும் போதாது, அது எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பதும் தெரிய வேண்டும். கடலடியில் உராய்வு உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு விளிம்பில் நடக்கிறது. மேடையிலிருந்து வெளியே போகும் அலை விளிம்பில் திடீர் ஆழத்தைச் சந்திக்கும்போது பெரும்பகுதி திரும்பி வருகிறது, மிச்சம் ஆழ்கடலுக்குத் தப்பிவிடுகிறது. வெளியே ஆழம் 2,500 மீற்றர் என்று கொண்டால், இரண்டு ஆழங்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் 0.14. திரும்பி வரும் பங்கு (1 − 0.14)/(1 + 0.14), அதாவது வீச்சத்தில் நூற்றுக்கு 75. ஒரு முழு ஆட்டத்துக்குள் அலை இரண்டு முறை விளிம்பைத் தொடுகிறது. ஆகவே ஒரு ஆட்டத்தின் முடிவில் எஞ்சுவது 0.75 × 0.75, சுமார் 0.56. உராய்வையும் கொஞ்சம் சேர்த்தால் 0.53. ஒவ்வொரு 75 நிமிடத்துக்கும் வீச்சம் ஏறத்தாழப் பாதியாகிறது என்று மனதில் வைத்தால் போதும். பொறியியலாளர்கள் இதையே தரக்காரணி, Q, என்ற ஒரே எண்ணால் சொல்வார்கள். நம்முடைய கொழும்பு மேடைக்கு அது 5.

இனி இந்த மேடையை வெளியிலிருந்து ஒருவர் சீராக ஆட்டுகிறார் என்று நினைப்போம். விளிம்பில் கடல்மட்டம் ஒரு குறித்த மீடிறனில் ஏறி இறங்குகிறது. கரையில் மானி என்ன காட்டும்? விடை இரண்டு துண்டுகளின் கூட்டு:

x = B e^(−γt) cos(ω₁t + φ) + A cos(ωt − δ)

இரண்டாவது துண்டில் உள்ள ω ஆட்டுபவருடைய மீடிறன். அவர் ஆட்டும்வரை அது மாறாமல் இருக்கும். அதுதான் உறுதிநிலைப் பகுதி. முதல் துண்டில் உள்ள ω₁ மேடையின் சொந்த மீடிறன். முன்னால் நிற்கும் e^(−γt) அதைத் தேய்த்துக்கொண்டே போகிறது. அது தற்காலிகப் பகுதி. நம் எண்களில் 1/γ சுமார் இரண்டு மணி நேரம்.

முதல் துண்டு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். ஆட்டம் தொடங்கும் கணத்தில் கடல் அசையாமல் இருந்தது. ஆனால் உறுதிநிலைச் சூத்திரத்தில் அந்தக் கணத்தை இட்டால் மட்டம் வேறு எங்கோ நிற்கும். வேகமும் சுழியமாக இராது. இயற்கை அப்படித் துள்ளிக் குதிக்காது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதற்காகவே மேடை தன் சொந்தக் காலத்தில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கிக்கொள்கிறது. ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துச் சுழியமாக்குகின்றன. பிறகு ஒன்று தேய, மற்றது வெளியே தெரிகிறது.

பாடநூல்கள் தற்காலிகப் பகுதியை ‘சிறிது நேரத்தில் மறைந்துவிடும்’ என்று ஒரே வரியில் கடந்துபோகும். மின்சுற்றுக்கு அது பொருந்தும். சிறிது நேரம் என்பது நான்கு ஐந்து மணி நேரமாக இருக்கும் கரையோரத்தில் அது பொறுப்பில்லாத வரி.

முகத்துவாரத்து மானியின் பெருமை, இந்த இரண்டு துண்டுகளையும் தனித்தனியே பார்க்கத் தருவது. வற்றுப்பெருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரன் நெடுங்காலமாக இந்தக் கடலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. தற்காலிகப் பகுதி ஏதாவது இருந்திருந்தால் அது எப்போதோ செத்திருக்கும். மானி காட்டுவது சுத்தமான உறுதிநிலை. அதனால்தான் பெருக்கின் காலம் 12 மணி 25 நிமிடம், சந்திரனுடையது. மேடையின் 75 நிமிடத்துக்கு அதில் இடமே இல்லை. சுனாமிக்குப் பிந்திய மணிநேரங்கள் இதற்கு நேர் எதிர். ஆட்டியவர் போய்விட்டார், எஞ்சியிருப்பது தற்காலிகப் பகுதி மட்டும். ஆகவே மேடையின் சொந்தக் காலம் மேலே வருகிறது.

உறுதிநிலை வீச்சம் ஆட்டுபவரின் மீடிறனோடு எப்படி மாறும் என்று பார்ப்போம். ஆட்டும் மீடிறனைச் சொந்த மீடிறனால் வகுத்து வருவதை r என்போம். மிக மெதுவாக ஆட்டும்போது கரையில் கிடைக்கும் வீச்சம் A₀ என்றால்,

A = A₀ / √[(1 − r²)² + (r/Q)²]

சந்திரனின் பெருக்குக்கு r வெறும் 0.1. இட்டுப் பார்த்தால் வீச்சம் ஒரு வீதந்தான் கூடுகிறது. விளிம்பில் கடல் எவ்வளவு ஏறுகிறதோ கிட்டத்தட்ட அதே அளவு முகத்துவாரத்திலும் ஏறும், அதுவும் இரண்டரை நிமிடத் தாமதத்தோடு மட்டும். கொழும்பின் பெருக்கு சாதுவாக இருப்பதற்கு ஒரு காரணம் இது: மேடை அதை வளர்க்கவில்லை.

ஆட்டும் காலம் 150 நிமிடத்துக்கு இறங்கினால் வீச்சம் 1.3 மடங்கு. 90 நிமிடத்தில் 2.9 மடங்கு. 75 நிமிடத்தில் 5 மடங்கு. அதற்கப்பால் சரிவு கடுமையானது: 60 நிமிடத்தில் 1.6, 37 நிமிடத்தில் மூன்றில் ஒன்று. உச்சத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனியுங்கள். மெதுவான பக்கத்தில் வீச்சம் ஒன்றை நோக்கி இறங்குகிறது, வேகமான பக்கத்தில் சுழியத்தை நோக்கி. நீர் தன் சடத்துவத்தால் அங்கே பின்தங்கிவிடுகிறது. விளிம்பில் கடல் ஏறும்போது கரையில் இறங்குகிறது. உச்சத்தில் பின்தங்கல் சரியாகக் கால் ஆட்டம், 19 நிமிடம். விளிம்பிலும் கரையிலுமாக இரண்டு மானிகள் இருந்தால், வீச்சத்தைப் பார்க்காமல் இந்தத் தாமதத்தை மட்டும் பார்த்தே நாம் உச்சத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

உச்சம் சரியாக 75 நிமிடத்தில்தான் விழுகிறதா? கறாராகச் சொன்னால் இல்லை. தணிவு இருக்கும்போது சுதந்திரமாக ஆடும் காலம் 75.4 நிமிடமாகிறது, வீச்சம் உச்சமாகும் காலம் 75.8 நிமிடம். இந்த வித்தியாசம் எந்த மானிக்கும் பிடிபடாது. ஆனால் தணிவு கூடினால் கதை மாறும். Q 1 ஆக இருந்தால் உச்சம் 106 நிமிடத்துக்கு நகர்ந்துவிடும், உயரமும் 1.15 மடங்குக்கு மேல் போகாது. Q 0.7க்குக் கீழே இறங்கினால் உச்சமே இல்லை. வளைகோடு தொடக்கத்திலிருந்தே சரிந்து போகும். ‘பரிவு மீடிறன்’ என்று ஒரே எண்ணைச் சொல்லும்போது தணிவு குறைவு என்ற எடுகோள் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

சுனாமி ஒரே மீடிறனில் ஆட்டுவதில்லை. 2004 முதல் 2007 வரையான பதிவுகளில் 20 முதல் 85 நிமிடம் வரையான காலங்களில் சக்தி கூடியிருந்தது. அந்தக் கலவையிலிருந்து மேடை தனக்குப் பிடித்ததைப் பொறுக்கி வளர்க்கிறது. இந்த இடத்தில் ஒரு திருத்தமும் வேண்டும். ஒரு முனை மூடிய குழாய்க்கு அடிப்படைச் சுரத்தோடு, அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு மீடிறன்களும் உண்டு. மேடைக்கும் அப்படியே: 25 நிமிடத்துக்கு அருகே இன்னொரு உச்சம் எதிர்பார்க்கலாம். மேலே எழுதிய சூத்திரத்துக்கு அது தெரியாது. ஆகவே 25 நிமிட அலை தணிந்துபோகும் என்று அந்தச் சூத்திரத்தை வைத்து யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது.

இனி மிகப் பெரிய அலை முதலில் வராததற்கு வருவோம். மேடையை அதன் சொந்தக் காலத்திலேயே ஆட்டத் தொடங்கினால் ஐந்து மடங்கு வீச்சம் உடனே கிடைப்பதில்லை. முதல் ஆட்டத்தின் முடிவில் இறுதி வீச்சத்தில் 47 வீதம், இரண்டாவதில் 72, மூன்றாவதில் 85. முக்கால்வாசியைத் தாண்டவே இரண்டரை மணி நேரம் கடந்துவிடும். உச்சம் எவ்வளவு உயரமோ அதை எட்ட அவ்வளவு நேரமும் பிடிக்கும். இரண்டையும் தீர்மானிப்பது அதே Q.

சொந்தக் காலத்திலிருந்து விலகி ஆட்டினால் இன்னும் விசித்திரம். விளிம்பில் 60 நிமிட அலை அதன் முகட்டிலிருந்தே திடீரென்று தொடங்குகிறது என்று வைத்து, இரண்டு துண்டுகளையும் கூட்டிப் பார்ப்போம். கரையில் உறுதிநிலை வீச்சத்தை 1 என்று கொண்டால், அரைமணிக்குள் வரும் முதல் உச்சம் 0.4 மட்டுமே. அடுத்த இறக்கம் 0.89. அடுத்த ஏற்றம் 1.2. இரண்டு மணி நேரத்தை ஒட்டி இறக்கம் 1.3, அதற்கு அரைமணி கழித்து ஏற்றமும் 1.3. பிறகு 1.2, அதன்பின் மெல்ல 1க்கு வந்து நிற்கும். தற்காலிகப் பகுதிக்கு 75 நிமிடம், உறுதிநிலைக்கு 60 நிமிடம். எதிரெதிராகத் தொடங்கிய இரண்டும் இரண்டரை மணி நேரத்தில் கைகோத்துவிடுகின்றன. ஆட்டுபவர் தன் விசையைக் கூட்டவே இல்லை. ஆனாலும் பெரிய ஏற்றமும் இறக்கமும் நடுவில் வருகின்றன.

2004இல் நடந்தது இதுதான் என்று சொல்லவில்லை. பட்டியாராச்சி, விஜேரத்ன ஆய்வு மேற்குக் கரையில் பிந்தி வந்த பெரிய அலைக்கு மாலைதீவைக் காட்டுகிறது. சுனாமி மேற்கே போய் மாலைதீவுத் தொடரில் தெறித்து, மீண்டும் இலங்கையின் மேற்குக் கரைக்கு வந்தது. கிழக்கே திருகோணமலைப் பதிவில் அப்படித் தெறித்து வந்த அலை இல்லை என்பது இதற்கு நல்ல சாட்சி. பரிவு மட்டுமே காரணமென்றால் இந்தக் கிழக்கு மேற்கு வேறுபாட்டுக்கு விளக்கம் இராது. ஆனால் தெறித்த அலை வந்து சேர்ந்தது அமைதியான கடலுக்கு அல்ல. முதல் அலை கிளப்பிவிட்ட ஆட்டம் இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் நம் கணக்கில் நாலில் ஒரு பங்குக்கு மேல் உயிரோடு இருக்கும். புதிதாக வருவது அதோடு ஒத்த கட்டத்தில் சேர்ந்தால் கூடும், எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் குறையும்.

பதிவைப் படிப்பவர் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். வற்றுப்பெருக்கின் கோடும் வீங்கிச் சுருங்கும். அமாவாசை, பூரணையை ஒட்டிப் பெருக்கு பெரிதாகும், இடையில் சிறிதாகும். அதைப் பார்த்துத் தற்காலிகப் பகுதி என்று நினைக்கக் கூடாது. அது சந்திரன், சூரியன் என்ற இரண்டு ஆட்டுபவர்களின் உறுதிநிலைகள் கூடுவது. மாதம் இருமுறை தவறாமல் திரும்பி வரும். தற்காலிகப் பகுதி உண்டாக்கும் வீக்கம் ஒரு முறை வந்து போனால் திரும்பாது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அந்த ஒரு சோதனை போதும்.

மற்றது, மானியை எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வாசிக்கிறோம் என்பது. மணிக்கு ஒரு வாசிப்பு வற்றுப்பெருக்குக்குத் தாராளம். ஆனால் 75 நிமிட ஆட்டத்தை மணிக்கு ஒரு தடவை வாசித்தால், தாளில் அது 5 மணி நேர ஆட்டமாக வேடம் போட்டு நிற்கும். ஒவ்வொரு வாசிப்புக்கும் ஆட்டம் ஐந்தில் நான்கு பங்கு முன்னேறுகிறது. பார்ப்பவருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு பின்னே போனது போலவே இருக்கும். இல்லாத ஒரு பரிவைத் தேடி மேடையின் அகலத்தைத் திருத்தப் போகும் வாய்ப்பும் உண்டு. சுனாமியைப் படிக்க நிமிடக் கணக்கில் வாசிப்பு வேண்டும்.

ஆட்டம் எப்போது முடிந்ததென்று சொல்லலாம்? நம் எண்களில் வீச்சம் பாதியாக 80 நிமிடம், பத்தில் ஒன்றாக நாலரை மணி நேரத்துக்கு மேல். இடையில் எங்கிருந்தாவது தெறித்த அலை ஒன்று வந்துவிட்டால் அந்தக் கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். கடல் ஒரு முறை ஏறி இறங்கிவிட்டது, இனிப் படகைப் பார்க்கப் போகலாம் என்று நினைப்பவர் நிற்பது இந்த ஆட்டத்தின் ஆரம்பத்தில். சுனாமி எச்சரிக்கை நீக்கப்பட்டது என்ற அறிவித்தல் வரும்வரை முகத்துவாரத்துக் கரைப்பக்கம் போகாதீர்கள்.